இடது பக்கம் திரும்பிப் படுங்க, அத்தை

என் அத்தையின் கல்லீரலில் இருந்த கட்டியை முதலில் பார்த்தவன் நான்தான். 2016 மார்ச்சில், சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது, வலது விலாவுக்குக் கீழே இழுக்கிறது என்று வந்திருந்தார். பித்தப்பையில் கல் இருக்குமோ என்று பார்க்கத்தான் ஸ்கேன் மேசையில் படுக்க வைத்தேன். கல் இல்லை. ஆனால் கல்லீரலின் வலது பாகத்தில், கொஞ்சம் பின்பக்கமாக, 4.6 சென்டிமீட்டரில் ஒரு கருப்பு வட்டம் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, சுத்தமான தண்ணீர். பின்னாலிருக்கும் ஈரல் தண்ணீருக்குப் பின்னால் தெரிகிற மாதிரியே பளிச்சென்று தெரிந்தது. சாதாரண நீர்க்கட்டி, தொடர் பரிசோதனை தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "பலருக்கும் இருக்கும் அத்தை, ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி, காபி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன். மொத்தமே ஏழெட்டு நிமிடம் இருக்கும்.

2021 நவம்பரில் அவர் திரும்ப வந்தபோது அந்த வட்டம் 9.2 சென்டிமீட்டர் ஆகியிருந்தது. இப்போது அது வெறும் கருப்பு வட்டம் இல்லை. உள்ளே பாலாடை போல வெளுத்த ஒரு கெட்டிப் பொருள், அதற்குள் சின்னச் சின்ன உருண்டைக் கட்டிகள் ஏழோ எட்டோ. ப்ரோபை வைத்த மறுநிமிடமே அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாயின் குடலில் இருக்கும் நாடாப்புழுவின் முட்டையால் வருகிற ஹைடாடிட் கட்டி. தண்ணீரும் புழுவின் இளம் தலைகளும் நிறைந்த பை அது. குட்டிக் கட்டிகள் போட்டு, பாதி கெட்டியாகிப் போன பிறகு அதை எந்தப் பயிற்சி மருத்துவரும் கண்டுபிடித்துவிடுவார். அது ஒன்றுமே இல்லாதது போல இருக்கிற காலத்தில் கண்டுபிடிக்கத்தான் என்னைப் போன்ற ஒரு ஸ்கேன் மருத்துவர் வேண்டும். அந்தக் காலத்தில் அது என் கையில்தான் இருந்தது. இந்த எண்ணம் நாலு வருடமாக என்னை விட்டுப் போகவில்லை. அத்தையிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கருப்பு வட்டத்தின் ஓரம்

அன்று ராத்திரி பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து 2016 படங்களைத் திறந்தேன். மொத்தம் பதினாலு படங்கள். பதிமூன்றில் எதுவும் தெரியவில்லை. இன்றைக்குப் பார்த்தாலும் சாதாரண நீர்க்கட்டி என்றுதான் சொல்லத் தோன்றும். ஒன்பதாவது படத்தில், ஒலி அலை செங்குத்தாக விழுந்த ஒரு சின்ன இடத்தில், சுவர் ஒற்றைக் கோடாக இல்லை. ஒரு வெள்ளைக் கோடு, அதையொட்டி மெல்லிய கருப்பு இடைவெளி, அப்புறம் இன்னொரு வெள்ளைக் கோடு. ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது. அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சாதாரண நீர்க்கட்டிக்குச் சுவரென்று சொல்ல ஒன்றுமில்லை. ஈரலுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரே வரிச் செல்கள், ஸ்கேனில் அது தெரியவே தெரியாது. ஹைடாடிட் கட்டி அப்படியில்லை. அதன் உள் ஓரத்தில் புழுவை உற்பத்தி செய்கிற மிக மெல்லிய படலம் இருக்கிறது. அதற்கு வெளியே புழுவே சுரந்து வைத்திருக்கும், செல் இல்லாத, அடுக்கடுக்கான ஒரு வெள்ளை உறை. அதையும் சுற்றி, வந்தேறிய பொருளை ஒதுக்கிவைக்க நம் உடம்பு எழுப்பிய நார்ச்சுவர். ஸ்கேனில் தெரியும் அந்த இரட்டைக் கோடு இந்தச் சுவரின் கதைதான். கட்டி சின்னதாக, இறுக்கமாக, உயிரோடு இருக்கும்போது சாதாரண நீர்க்கட்டியிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட இந்தக் கோடும் இன்னொரு அடையாளமும்தான் இருக்கின்றன.

அந்த இன்னொன்றுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. கட்டிக்குள் மணல் போல நுண்ணிய துகள்கள் அடியில் படிந்திருக்கும். ஹைடாடிட் மணல் என்றே அதற்குப் பெயர். ஒவ்வொரு துகளும் ஒரு புழுவாக வளரக்கூடிய தலை, அல்லது அவற்றைத் தாங்கிய சின்னப் பை. ஆள் அசையாமல் மல்லாந்து கிடந்தால் மணல் தரையோடு கிடக்கும், மேலே தண்ணீர் தெளிவாக இருக்கும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் அத்தனையும் கலைந்து எழுந்து, திரையில் மெல்ல மிதந்து கீழே இறங்கும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அரை நிமிட வேலை. 2016இல் நான் அத்தையைப் புரண்டு படுக்கச் சொல்லவில்லை. பித்தப்பையைப் பார்க்கும்போதாவது சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்கு வெளியே கூட்டம். அசையச் சொல்லியிருந்தால் மணல் தெரிந்திருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நான் பார்க்கவே இல்லை.

அத்தோடு, இந்த நோயாளியின் வாழ்க்கை எனக்குத் தெரியாததல்ல. அத்தையைக் கட்டிக் கொடுத்தது கமுதிப் பக்கம், செம்மறிக் கிடை வைத்திருக்கும் வீட்டில். அறுவடை முடிந்தால் கீதாரிகளோடு ஆடுகள் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடும், கிடை போட்டு மழைக்கு முன்னால் திரும்பும். கிடைக்கு நாலைந்து நாய்கள் எப்போதும் உண்டு. கோடை விடுமுறையில் அந்த நாய்களோடு கட்டிப்புரண்டு வளர்ந்தவன்தான் நான். ஆடு அறுத்தால் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கொப்புளம் இருப்பது அங்கே சாதாரணம். "இது ஆகாது" என்று அந்தத் துண்டை அறுத்து நாய்க்கு வீசுவார்கள். நானே வீசியிருக்கிறேன். அந்தக் கொப்புளம்தான் ஹைடாடிட் கட்டி. அதைத் தின்ற நாயின் குடலில், சில மில்லிமீட்டர் நீளத்தில், மூன்று நாலு கணுக்களோடு நூற்றுக்கணக்கில் புழுக்கள் வளரும். நாய்க்கு ஒரு நோயும் தெரியாது. ஆறு ஏழு வாரத்தில் முட்டை மலத்தோடு வெளியே வர ஆரம்பிக்கும். புல்லில் விழுந்ததை ஆடு மேய்கிறது. நாயின் ரோமத்தில் ஒட்டியது, குட்டைத் தண்ணீரில் கலந்தது, கழுவாத கையில் இருந்தது நம் வாய்க்குள் போகிறது. குடலில் முட்டை பொரிந்து, உள்ளிருக்கும் கரு குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தில் ஏறினால், குடல் ரத்தம் முதலில் போய்ச் சேர்வது கல்லீரலுக்கு. அதனால்தான் பத்தில் ஏழு கட்டிகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. அதைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவை நுரையீரலில் நிற்கும்.

ஆட்டுக்கறி சாப்பிட்டதால் வந்தது என்று இன்றும் எங்கள் சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். கட்டியுள்ள ஈரலைப் பச்சையாகவே தின்றாலும் மனிதனுக்கு இந்த நோய் அந்த வழியில் வராது. நடுவே ஒரு நாய் வேண்டும்.

அத்தையிடம் சொன்னது

பழைய படத்தைப் பார்த்த மறுநாள் அத்தையை உட்கார வைத்துச் சொன்னேன். 2016இல் நான் எழுதியது தப்பு, அன்றே இது நாய்ப்புழுக் கட்டிதான் என்று. அவருக்கு முதலில் புரியவில்லை, நாய்க்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்றார். விளக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்ப ராசா?" என்று கேட்டார். மாத்திரை மட்டும் போதுமாக இருந்திருக்கலாம் என்றேன்.

இது ஆறுதலுக்கோ குற்றவுணர்ச்சிக்கோ சொன்னதில்லை. இந்த நோய்க்கு இருக்கும் விசித்திரமே இதுதான். எந்தச் சிகிச்சை என்பதை நோயின் பெயர் தீர்மானிப்பதில்லை, கட்டி எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று ஸ்கேன் சொல்வதுதான் தீர்மானிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இதை, நோயின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி, சி.இ. 1 முதல் 5 வரை பிரித்து வைத்திருக்கிறது. ஒற்றை அறையாகத் தெளிந்த தண்ணீரோடு இருப்பது 1. உள்ளே குட்டிக் கட்டிகள் நெருங்கித் தேன்கூடு போல ஆவது 2. உறை சுவரிலிருந்து கழன்று தண்ணீரில் அல்லி இலை போல மிதப்பது 3ஏ. கெட்டிப் பொருளுக்குள் குட்டிக் கட்டிகள் கிடப்பது 3பி. குட்டிகள் இல்லாமல் முழுக்கக் கெட்டியாகி, நூல்கண்டு சுற்றினாற்போலத் தெரிவது 4. சுண்ணாம்பேறிப் போவது 5. முதல் இரண்டும் உயிர்ப்போடு இருப்பவை, மூன்று இடைப்பட்டது, கடைசி இரண்டும் பெரும்பாலும் ஓய்ந்துபோனவை.

1இலோ 3ஏவிலோ இருந்து, ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால், ஆல்பெண்டசோல் மாத்திரையை மட்டும் கொடுத்துப் பார்ப்பதே முதல் வழி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை என்று கொடுக்கிற அதே 400 மில்லிகிராம் மாத்திரைதான். அவர்களுக்கு ஒரே ஒன்று, இதற்கு காலை ஒன்று, இரவு ஒன்று என்று மாதக்கணக்கில். அத்தையின் கட்டி 2016இல் 4.6. அந்த மாத்திரை எல்லோருக்கும் கேட்பதில்லை, கேட்ட சிலருக்கும் கட்டி மறுபடி உயிர்பெறுவதுண்டு. ஆனாலும் அந்த வாய்ப்பு அவருக்கு இருந்தது. 9.2 சென்டிமீட்டரில், 3பி பருவத்தில், இல்லை.

நான் சொல்லி முடித்ததும் அத்தை கோபப்படவில்லை, அழவுமில்லை. "அப்போ மாமாவையும் பாத்துரு. அவரும் அதே தண்ணிதான, அதே நாய்தான" என்றார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

ஊசி ஏன் போதாது

அத்தை மகன், என் மச்சான், சென்னையிலிருந்து போன் செய்தான். "தண்ணிக்கட்டிதானே, ஊசி போட்டு உறிஞ்சிட முடியாதா?" நியாயமான கேள்விதான். பல காலம் மருத்துவர்கள் இதில் ஊசியே வைக்கக்கூடாது என்றுதான் படித்தார்கள். உள்ளே தண்ணீர் நல்ல அழுத்தத்தில் இருக்கிறது. துளை விழுந்து வயிற்றுக்குள் கசிந்தால் இரண்டு ஆபத்து. அந்தத் தண்ணீருக்கு உடம்பு கடுமையாக ஒவ்வாமை காட்டி, சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். அதில் தப்பினாலும், சிந்திய ஒவ்வொரு மணல் துகளும் வயிற்றுக்குள் விழுந்த இடத்தில் புதிய கட்டியாக வளரக்கூடும். கிராமத்தில் ஆடு முட்டியோ, வண்டியிலிருந்து விழுந்தோ கட்டி உடைந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் என்ன கட்டியென்று தெரியாமல் ஊசி வைக்கக் கூடாது என்று இன்றும் பிடிவாதமாகச் சொல்கிறோம்.

எண்பதுகளில் துனீசியாவில் இதற்கு ஒரு முறையான ஊசி வழியைக் கொண்டுவந்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'பேர்' என்று சுருக்கிச் சொல்வார்கள். முதலில் ஆல்பெண்டசோல் தொடங்கிவிட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே, கசிந்தாலும் ஈரலுக்குள்ளேயே நிற்கும்படி, நல்ல ஈரல் சதையின் ஊடாக ஊசியைச் செலுத்துவார்கள். மயக்க மருத்துவர் அட்ரினலின் எடுத்துவைத்துப் பக்கத்திலேயே நிற்பார். தண்ணீரை உறிஞ்சியதும் அதில் பித்தம் கலந்திருக்கிறதா என்று அங்கேயே சோதிப்பார்கள். கலந்திருந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் அடுத்து உள்ளே விடப்போகும் மருந்து பித்தக்குழாய்க்குள் இறங்கினால் குழாயை நிரந்தரமாகச் சுருக்கிவிடும். பித்தம் இல்லையென்றால் 20 சதவீத உப்புநீரையோ அடர்ந்த ஆல்கஹாலையோ உள்ளே விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருந்து, திரும்ப உறிஞ்சிவிடுவார்கள். மாத்திரை இன்னும் ஒரு மாதமாவது தொடரும். ஒற்றை அறைக் கட்டிக்கும், உறை கழன்ற கட்டிக்கும், ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போனால் இது அருமையான வழி.

அத்தையுடையது ஒற்றை அறை இல்லை. ஒவ்வொரு குட்டிக் கட்டியும் கதவில்லாத தனி அறை. ஒன்றுக்குள் விட்ட உப்புநீர் அடுத்ததற்குள் போகாது. நடுவிலிருக்கும் கெட்டிப் பொருள் ஊசி வழியாக வெளியே வராது. ஒரு குட்டியை விட்டுவைத்தாலும் மறுபடி முதலிலிருந்து. மாத்திரையும் இந்தப் பருவத்தில் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். மச்சானுக்குப் படத்தையே அனுப்பி இதைச் சொன்னேன். அதற்கப்புறம் அவன் ஊசியைப் பற்றிக் கேட்கவில்லை.

அறுவைக்கு முன்னால் ஆறு வாரம் மாத்திரை கொடுத்தோம். 52 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 800 மில்லிகிராம். ஆல்பெண்டசோல் வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது, கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் பல மடங்கு அதிகமாகச் சேரும். குடலிலிருக்கும் பூச்சிக்கென்றால் எப்படிப் போட்டாலும் பரவாயில்லை, ஈரலிலிருக்கும் கட்டிக்கு அது ரத்தத்தில் ஏற வேண்டும். அத்தை வெறும் வயிற்றில் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதன்பிறகு இட்லிக்கு நல்லெண்ணெய் தாராளமாக, ராத்திரி ஒரு டம்ளர் காய்ச்சிய பால் ஆடையோடு. இரண்டு வாரத்துக்கொருமுறை கல்லீரல் நொதிகளும் வெள்ளணு எண்ணிக்கையும் பார்த்தோம், இந்த மருந்து இரண்டையும் கெடுக்கக்கூடும். முடி கொஞ்சம் கொட்டியது, நிறுத்தியதும் வளர்ந்துவிட்டது.

நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். சி.டி.யில் கட்டி பெரிய ரத்தக்குழாயைத் தொடவில்லை. எம்.ஆர்.ஐ.யில் பித்தக்குழாய் எதுவும் கட்டிக்குள் திறப்பதாகத் தெரியவில்லை. இந்தக் கடைசி வரியை நான் முழுதாக நம்பவில்லை. இவ்வளவு பெரிய கட்டி பக்கத்துச் சின்னக் குழாய்களை அரிக்காமலா இருந்திருக்கும்? அறுவை நிபுணரும் அதையேதான் சொன்னார்.

அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, ஈரலுக்கு வெளியே துருத்தும் சுவரை மட்டும் வெட்டுவது ஒன்று. நார்ச்சுவரோடு முழுக் கட்டியையும் பெயர்த்தெடுப்பது இன்னொன்று. மூன்றாவது, அந்தப் பகுதி ஈரலையே வெட்டியெடுப்பது. முதல் வழியிலிருந்து மூன்றாவதுக்குப் போகப் போக நோய் திரும்பும் வாய்ப்பு குறையும், ரத்தமும் ஆபத்தும் கூடும். லேப்ராஸ்கோப்பியிலும் செய்யலாம். கோயம்புத்தூரில் டாக்டர் பழனிவேலு இதற்கென்றே ஒரு குழாய்க் கருவியை உருவாக்கினார். கட்டியைத் துளைக்கும்போதே சுற்றிலும் உறிஞ்சிக்கொண்டிருப்பதால் ஒரு சொட்டு சிந்தினாலும் வயிற்றுக்குள் போகாமல் குழாய்க்குள் போய்விடும். அத்தையின் கட்டி பின்பக்கமாக, எட்டாத இடத்தில் இருந்ததால், விலாவுக்குக் கீழே திறந்தே முதல் வழியைச் செய்வதென்று முடிவானது.

2022 ஜனவரியில் அறுவை. நான் உள்ளே நின்றேன். கட்டியைச் சுற்றி ஒரு இடம் விடாமல் உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்கிய பிறகுதான் அதைத் தொட்டார்கள். திறந்ததும் உறை தானாகவே கழன்று வந்தது. இளநீர் வழுக்கை போல, வழுவழுவென்று, வெள்ளையாக. அப்புறம் ஒவ்வொன்றாகக் குட்டிக் கட்டிகள், தோல் சீவிய நுங்குச் சுளைகளைப் போல. திரையில் கருப்பு வெள்ளையாக ஆயிரம் தடவை பார்த்ததை அன்றுதான் கிண்ணத்தில் பார்த்தேன். எல்லாம் எடுத்த பிறகு, காலியான குழிக்குள் ஒரு வெள்ளைத் துணியை அழுத்தி வைத்து எடுத்தார். இரண்டு இடத்தில் மஞ்சள் கறை. எம்.ஆர்.ஐ.யில் தெரியாத பித்தக் கசிவு. அந்த இரண்டு வாயையும் தைத்து, குழிக்குள் வயிற்றுக் கொழுப்புத் திரையை இழுத்து நிரப்பி, ஒரு வடிகுழாய் வைத்து மூடினார்.

தைத்தும் குழாயில் பித்தம் வந்தது. முதல் வாரம் நாளுக்கு 150 மில்லி போல. கூடிக்கொண்டே போனால் வாய் வழியாக எண்டோஸ்கோப்பியை இறக்கி, அதாவது இ.ஆர்.சி.பி. செய்து, பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைக்க வேண்டியிருக்கும் என்று காத்திருந்தோம். தானாகவே குறைந்து, பதினாறாம் நாள் நின்றது. மாத்திரை மேலும் மூன்று மாதம்.

மாமாவின் கட்டி

மாமாவை நான் ஸ்கேன் செய்தது அத்தையின் அறுவைக்கு இரண்டு வாரம் முன்னால். அவருக்கும் இருந்தது. ஆறு சென்டிமீட்டர், முட்டை ஓடு போலச் சுற்றிலும் சுண்ணாம்பு, பின்னால் கனத்த நிழல். சி.இ. 5. ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் இல்லை. ஓய்ந்துபோன கட்டிகளில் அது அடிக்கடி அப்படித்தான் வரும். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் வந்து, அவருக்கே தெரியாமல் வளர்ந்து, உடம்பே அடக்கி மூடிவைத்துவிட்டது. மாத்திரை வேண்டாம், அறுவை வேண்டாம், வருடத்துக்கொருமுறை என்னிடம் வந்து படுத்தால் போதும் என்றேன்.

அவர் அதை ஏற்கவே இல்லை. "உன் அத்தைக்கு வயித்தக் கிழிக்கணும்ங்கிற, எனக்கு ஒண்ணுமே வேணாம்ங்கிற. ரெண்டும் ஒரே புழுதான?" வேறு ஊரில் வேறொருவரிடம் போனார், அங்கே எடுத்துவிடலாம் என்றார்கள். அத்தையின் வடிகுழாயில் பித்தம் வந்துகொண்டிருந்த நாட்களில் இந்தப் பேச்சும் நடந்தது. நான் இரண்டு பேரின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இது விதை, இது கொட்டை ஓடு மாமா, முளைக்காது என்றேன். அரை மனதாகத்தான் சம்மதித்தார். நாலு வருடத்தில் அந்தக் கட்டி ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. அறுவைக்கு உள்ள ஆபத்து முழுவதும் இருக்க, தீர்க்க வேண்டிய நோய் மட்டும் இல்லாத ஒருவரைக் கத்தியிலிருந்து காப்பதும் ஸ்கேன் அறையின் வேலைதான் என்று நான் நினைக்கிறேன். மாமாவை அறுத்திருந்தால், முதலில் சொன்ன தப்பு அளவுக்கே பெரிய தப்பாக அது ஆகியிருக்கும்.

நாய்களை என்ன செய்வது என்று வீட்டில் பெரிய பேச்சு. ஓட்டிவிடலாம் என்றார்கள் சிலர். ஓட்டினால் புழுவோடு இன்னொரு ஊருக்குப் போகும், ஆட்டுக் கிடைக்குக் காவலும் இருக்காது. கால்நடை மருத்துவர் சொன்னபடி, கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கில் பிராசிகுவாண்டெல், ஆறு வாரத்துக்கொரு தரம். புதிதாக ஒட்டிய புழு முட்டை போடத் தொடங்குமுன் விழுந்துவிட வேண்டும் என்பதுதான் அந்த ஆறு வாரக் கணக்கு. அப்புறம், நீர்க்கொப்புளம் உள்ள ஈரலோ நுரையீரலோ நாய்க்குப் பச்சையாகப் போகக் கூடாது, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும், அல்லது அரை மணி நேரமாவது கொதிக்க வைக்க வேண்டும். மாத்திரையை மச்சான் ஒழுங்காகக் கொடுக்கிறான். புதைப்பதில்தான் தகராறு. கிடை வெளியூர் போயிருக்கும்போது யார் குழி தோண்டுவார்கள்?

இப்போது கல்லீரலில் கருப்பு வட்டம் தெரிந்தால் நான் மூன்று வேலை செய்யாமல் எழுதுவதில்லை. மேலோட்டமாக இருந்தால் நுண்ணிய ப்ரோபை மாற்றி சுவரை ஒரு சுற்று முழுக்கப் பார்க்கிறேன். புரண்டு படுக்கச் சொல்லிக் காத்திருக்கிறேன். வீட்டில் நாயும் ஆடும் உண்டா, முன்பு இருந்ததா என்று கேட்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, சாதாரண நீர்க்கட்டிகள்தான் அதிகம். சந்தேகம் கொஞ்சமாவது மிஞ்சினால் 'தொடர் பரிசோதனை தேவையில்லை' என்று எழுதாமல் ஆறு மாதத்தில் வரச் சொல்கிறேன்.

போன மாதம் அத்தை வந்திருந்தார். குழி இருந்த இடத்தில் கொழுப்பு நிறைந்த வடு. அறுவைக்குப் பிந்திய வடு புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கட்டி மாதிரியே தெரியும், அதனால் பழைய படங்களைப் பக்கத்தில் திறந்துவைத்துத்தான் பார்ப்பேன். புதிதாக எதுவும் இல்லை. ஐந்து வருடமாவது பார்த்தாக வேண்டும், இன்னும் கொஞ்ச காலம் பாக்கியிருக்கிறது. மேசையில் ஏறியதும், நான் சொல்வதற்கு முன்பே, "இடது பக்கந்தான ராசா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.